நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட்?

புது ஏசி மாட்ட வருகிறவர் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்து பிளக் பாயிண்டில் குத்திப் பார்ப்பார். கணினி சர்வர் வைக்க வருகிறவரும், ஸ்கேன் மையத்தில் மெஷின் நிறுவ வருகிறவரும் அதையேதான் செய்வார்கள். "எர்த் வோல்டேஜ் பத்து காட்டுது சார். வயர்மேனைக் கூப்பிட்டு சரி பண்ணிட்டுச் சொல்லுங்க, நாங்க வர்றோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மாலையில் வயர்மேன் வந்து அதே பாயிண்டில் மீட்டர் வைத்தால் ஒன்றோ இரண்டோ காட்டும். "நல்லாத்தானே இருக்கு, அவங்க சும்மா தட்டிக் கழிக்கிறாங்க" என்பார் அவர். வீட்டுக்காரர் யாரை நம்புவது என்று தெரியாமல் நிற்பார்.

பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மைதான். காலையில் அந்த லைனில் வாட்டர் ஹீட்டர் ஓடியிருக்கும், மாலையில் ஓடியிருக்காது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலான வோல்டேஜ் ஒரே இடத்தில் நிற்கிற எண் அல்ல. எப்போது, எந்த லோடில் அளந்தோம் என்பதைச் சொல்லாமல் "பத்து வோல்ட்" என்று மட்டும் சொன்னால் அதற்குப் பொருளே கிடையாது. லோடு இல்லாமல் ஒரு முறையும், லோடு கொடுத்து ஒரு முறையும் அளந்தால் அதே மீட்டர் கோளாறு எந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுக்கும்.

முதலில், இந்த இரண்டு கம்பிகளுக்கு இடையே வோல்டேஜ் ஏன் வருகிறது என்று பார்ப்போம். தெருமுனை டிரான்ஸ்பார்மரிலேயே நியூட்ரலை மண்ணோடு இணைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் நியூட்ரலும் பூமியும் ஒன்றுதான். இடையே வோல்டேஜ் கிடையாது. அங்கிருந்து நியூட்ரல் கம்பத்துக்குக் கம்பம் ஓடி, மீட்டர் வழியாக வீட்டு டிபி பாக்ஸுக்கு வந்து, சுவருக்குள் புகுந்து பிளக் பாயிண்டை அடைகிறது. பேஸ் கம்பியில் வந்த கரண்ட் முழுவதும் திரும்பிப் போவது இதன் வழியாகத்தான். செம்பாக இருந்தாலும் கம்பிக்கு மின்தடை உண்டு. அதில் கரண்ட் ஓடும்போது சில வோல்ட் அதிலேயே செலவாகும்; அந்த அளவுக்கு நம் வீட்டு நியூட்ரல் பூமியைவிட உயர்ந்து நிற்கும்.

எர்த் கம்பியில் சாதாரண நேரத்தில் கரண்ட் ஓடுவதில்லை என்றே சொல்லலாம். ஆகவே வீட்டு எர்த் குழியில் இருக்கும் பூமியின் நிலையை அது அப்படியே பிளக் பாயிண்ட் வரை கொண்டு வருகிறது. கிணற்றுச் சுவரில் நீர்மட்டம் பார்க்கக் கிழித்த கோடு போல எர்த் ஓர் இடத்தில் நிற்கிறது. நியூட்ரல் அதற்கு எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்பதைத்தான் மீட்டர் காட்டுகிறது. எனவே "எர்த் வோல்டேஜ்" என்று நாம் சொல்லும் எண், எர்த் நன்றாக இருக்கும் வீட்டில், நியூட்ரல் சுமக்கும் பாரத்தைப் பற்றிய எண்தான். பத்து வோல்ட் என்றதும் எர்த் குழியைத் தோண்டக் கிளம்புவது பல நேரங்களில் வீண் செலவு.

அளப்பது எப்படி? மீட்டரில் ஏசி வோல்டேஜ் பகுதியில் 600 அல்லது 750 ரேஞ்சை வைக்க வேண்டும். சிவப்பு வயர் வோல்ட் துளையில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். 10 ஆம்பியர் துளையில் அதைச் செருகியபடி பிளக் பாயிண்டில் குத்தினால் மீட்டருக்குள் ஷார்ட் சர்க்யூட் ஆகிக் கையிலேயே வெடிக்கலாம். 'கேட் 3' முத்திரை உள்ள, வயரில் விரிசல் இல்லாத மீட்டர் வேண்டும். காலில் காய்ந்த செருப்பு, விரல் புரோபின் தடுப்பு வளையத்துக்குப் பின்னால். சுவிட்ச் போர்டைக் கழற்றத் தேவையில்லை, கழற்றவும் கூடாது. மின்சாரம் இருக்கும் பாயிண்டில் மீட்டர் வைத்துப் பழக்கமில்லாதவர்கள் இதை வயர்மேனிடம் விட்டுவிட்டு, அவர் எதை எதை அளக்கிறார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும்.

பாயிண்டை நேராகப் பார்த்து நின்றால் மேலே இருக்கும் பெரிய துளை எர்த், வலது பேஸ், இடது நியூட்ரல். பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் என மூன்றையும் அளந்து ஒரு தாளில் எழுத வேண்டும். மூன்றாவதை மட்டும் அளந்துவிட்டுப் போவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் நியூட்ரல்–எர்த் 230 காட்டும். முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் ஈபி கரண்ட் வரும்போதுதான் அளக்க வேண்டும். பேட்டரியில் ஓடும்போது நியூட்ரலின் நிலை வேறு. அந்த எண்ணைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

அடுத்தது லோடு. அதே போர்டில் பக்கத்துப் பாயிண்டில் ஒரு கெட்டிலையோ அயர்ன் பாக்ஸையோ போட்டு, அது ஓடும்போது மறுபடி மூன்றையும் அளக்க வேண்டும். 1000 வாட்டுக்கு மேல் இருந்தால்தான் மாற்றம் தெளிவாகத் தெரியும். அயர்ன் பாக்ஸ் சூடேறியதும் தானாக நின்றுவிடும் என்பதால், தண்ணீர் நிரப்பிய கெட்டில் இதற்கு வசதி.

ஒரு மாடி வீட்டுச் சமையலறையை எடுத்துக்கொள்வோம். கெட்டில் போட்டால் மிக்ஸியின் வேகம் இறங்குகிறது, விளக்கு மங்குகிறது. டிபி பாக்ஸிலிருந்து அந்தப் பாயிண்டுக்கு 25 மீட்டர், 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர். லோடு இல்லாமல் அளந்தால் பேஸ்–நியூட்ரல் 228, பேஸ்–எர்த் 228.8, நியூட்ரல்–எர்த் 0.8. குறை சொல்ல ஒன்றுமில்லை. இத்தோடு மீட்டரை மூடி வைத்திருந்தால் "எல்லாம் சரி" என்றுதான் எழுதியிருப்பார்கள்.

1500 வாட் கெட்டிலைப் போட்டதும் பேஸ்–எர்த் 227.4, பேஸ்–நியூட்ரல் 217.3, நியூட்ரல்–எர்த் 10.1. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். பேஸ் பக்கம் இறங்கியது 228.8-லிருந்து 227.4-க்கு, அதாவது 1.4 வோல்ட். நியூட்ரல் பக்கம் ஏறியது 0.8-லிருந்து 10.1-க்கு, அதாவது 9.3 வோல்ட். பேஸும் நியூட்ரலும் ஒரே அளவு வயர், ஒரே பைப்புக்குள் ஒரே தூரம் போகின்றன, இரண்டிலும் ஓடுவது ஒரே கரண்ட். இரண்டிலும் இழப்பு ஏறக்குறைய சமமாக இருந்தாக வேண்டும். நியூட்ரல் மட்டும் 9 வோல்ட்டைத் தின்கிறது என்றால் அதன் வழியில் எங்கோ ஒரு இணைப்பு கெட்டிருக்கிறது.

எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதையும் கணக்குப் போடலாம். அந்த வோல்டேஜில் கெட்டில் எடுக்கும் கரண்ட் சுமார் 6.2 ஆம்பியர். 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரின் மின்தடை கிலோமீட்டருக்கு 7.4 ஓம், 25 மீட்டருக்கு 0.19 ஓம்கூட வராது. ஆகவே நியூட்ரலில் நியாயமாக இழக்க வேண்டியது 1.2 வோல்ட் அளவுதான். மிச்சம் 8.1 வோல்ட் அந்தக் கெட்ட இணைப்பில் போகிறது. 8.1 வோல்ட்டை 6.2 ஆம்பியரால் பெருக்கினால் 50 வாட். ஒரு திருகாணியின் அடியில் 50 வாட் வெப்பம்! எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் பலவும் இதைவிடக் குறைந்த வாட்டில்தான் வேலை செய்கின்றன. இங்கே அது பிளாஸ்டிக் பெட்டிக்குள், யார் கண்ணுக்கும் படாமல், கெட்டில் ஓடும் நேரமெல்லாம் எரிந்துகொண்டிருக்கிறது. எம்சிபி இதைப் பார்த்து விழாது. ஓடுவது வெறும் 6 ஆம்பியர்தானே, அதன் கணக்கில் தவறே இல்லை.

மெயினை அணைத்துவிட்டு டிபி பாக்ஸைத் திறந்தால், எல்லா நியூட்ரல் வயர்களும் வந்து சேரும் பித்தளைப் பட்டையில், அதாவது நியூட்ரல் லிங்கில், ஒரு திருகாணி தளர்ந்து, அதன் வயர்த் தோல் பழுப்பேறிச் சுருங்கியிருப்பதைப் பார்க்கலாம். இது மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் காட்சி. இல்லாவிட்டால் சுவிட்ச் போர்டுக்குள் வெறும் முறுக்கும் இன்சுலேஷன் டேப்பும் போட்டு விட்ட ஜாயிண்டாக இருக்கும். கருகிய நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, திருகாணியை இறுக்கிய பிறகு அதே பாயிண்டில் அதே கெட்டிலோடு அளந்தால் நியூட்ரல்–எர்த் 2 வோல்ட்டைச் சுற்றி நிற்க வேண்டும். பழுது பார்த்தவரிடம் இந்த இரண்டாவது அளவைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம்.

இரண்டு பக்கமும் சமமாக விழுந்தால் கதை வேறு. பேஸ் 5 வோல்ட் இறங்கி, நியூட்ரலும் 5 வோல்ட் ஏறினால் ஜாயிண்டைத் தேட வேண்டியதில்லை. வயர் அந்த லோடுக்குப் போதாது, அல்லது ஒரே லைனில் பல பாயிண்டுகளைக் கோத்திருக்கிறார்கள். லைட்டுக்கு என்று இழுத்த 1 ஸ்கொயர் எம்எம் வயரிலிருந்தே ஹீட்டர் பாயிண்டுக்கும் எடுத்துக்கொள்வது பழைய வீடுகளில் நிறைய உண்டு. நியூட்ரல் ஏறாமல் பேஸ்–எர்த் மட்டும் சட்டென்று விழுந்தால் கெட்டது பேஸ் பக்க இணைப்பு. நியூட்ரல்–எர்த்தை மட்டும் அளக்கிறவர் கண்ணில் இது படவே படாது. மூன்றையும் எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு இருந்தால் சரி என்று கேட்பவர்களுக்குத் தொழிலில் புழங்கும் ஒரு கணக்கைச் சொல்லலாம். லோடு இல்லாதபோது 2 வோல்ட்டுக்குள், நல்ல லோடில் 3 முதல் 5 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலைப்படுவதில்லை. இது சட்ட எண் அல்ல. நீளமான லைனில் 4 வோல்ட் இயல்பாக வரும். டிபி பாக்ஸுக்கு அடுத்த சுவரிலேயே 4 வோல்ட் ஏறினால் அது கோளாறு.

குறைவாகக் காட்டினாலும் சந்தேகப்பட வேண்டிய ஓர் இடம் உண்டு. கெட்டில் போட்டாலும் போடாவிட்டாலும் 0.0 என்றே மீட்டர் நின்றால், மகிழ்ச்சி அடையக் கூடாது. 25 மீட்டர் நியூட்ரலில் 6 ஆம்பியர் ஓடும்போது ஒரு வோல்ட்டாவது ஏறித்தான் ஆக வேண்டும். ஏறவில்லை என்றால், பிளக் பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரல் பின்னிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு வயரைப் போட்டு வைத்திருக்க வாய்ப்பு அதிகம். எர்த் கம்பி இழுக்காத பழைய வீடுகளில் இப்படிச் செய்திருக்கிறார்கள். "2 வோல்ட்டுக்குள் இருந்தால்தான் மெஷின் வைப்போம்" என்று நிறுவனத்து ஆள் சொன்னதற்காக, அவரைத் திருப்திப்படுத்தவும் செய்கிறார்கள். மீட்டர் அழகாகப் பூஜ்யம் காட்டும். உள்ளே இருப்பதோ கொலைக்கருவி. என்றைக்காவது அந்த நியூட்ரல் வழியில் விட்டுப்போனால், பேஸ் கரண்ட் ஃபிரிட்ஜின் உள்பாகங்கள் வழியாக நியூட்ரல் பின்னுக்கு வந்து, அந்தத் துண்டு வயரில் ஏறி, ஃபிரிட்ஜின் உடம்பு முழுவதையும் 230 வோல்ட்டில் நிறுத்தும். ஆர்சிசிபி இல்லாத வீட்டில், ஈரக் கையோடு கதவைத் திறப்பவருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. இந்தத் துண்டு வயரைப் பார்த்தால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

இனி, எர்த் உண்மையிலேயே விட்டுப்போயிருந்தால் மீட்டர் என்ன காட்டும்? எதிலும் சேராத எர்த் துளை, பக்கத்தில் ஓடும் பேஸ் கம்பியின் தூண்டலால் 10, 30, 60 என்று கண்டபடி காட்டும். மீட்டரை எடுத்து மறுபடி வைத்தால் வேறு எண் வரும். அதே போர்டில் ஒரு டெஸ்க்டாப் கணினியைச் செருகினால் பெரும்பாலும் எண் 110-க்குப் பக்கத்தில் போய் நிற்கும். கணினியின் பவர் சப்ளையில் இரைச்சலை வடிகட்ட பேஸிலிருந்து எர்த்துக்கு ஒன்றும் நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒன்றுமாக இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். எர்த் மண்ணோடு சேராதபோது அதன் நிலை இரண்டுக்கும் நடுவில், பாதி வோல்டேஜில் வந்து நிற்கிறது. கணினிப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இருப்பதும், டெஸ்டர் வைத்தால் எரிவதும் இதனால்தான்.

இங்கேயும் பேஸ்–எர்த் அளவுதான் சாட்சி. நியூட்ரல்–எர்த் 110 காட்டும்போது பேஸ்–எர்த் 230-க்குப் பதில் 120 காட்டினால் எர்த் அந்தரத்தில் நிற்கிறது என்று நிச்சயமாகச் சொல்லலாம். எங்கே விட்டது என்று தேடும்போது வெளியிலிருந்து தொடங்குவது நல்லது. எர்த் குழியில் ஜிஐ குழாயின் தலையில் கம்பியைப் பிடித்திருக்கும் போல்ட், ஈரத்துக்காகப் போடும் உப்பாலேயே அரித்துத் தின்னப்பட்டிருக்கும். போர்ட்டிகோவுக்கு டைல்ஸ் ஒட்டியபோது குழியை மூடிக் கம்பியை வெட்டிவிட்ட வீடுகளும் உண்டு.

எர்த் அடியோடு விட்டுப்போனால் இந்தச் சோதனை காட்டும். ஆனால் எர்த் வலுவிழந்து பேருக்கு இருந்தால் காட்டாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் மீட்டரை நம்புவது ஆபத்து. காய்ந்துபோன குழியின் மின்தடை 200 ஓம் என்று வைத்துக்கொள்வோம். எர்த்தில் கரண்டே ஓடாததால் அந்த 200 ஓமில் வோல்டேஜ் இழப்பும் இல்லை, மீட்டர் 0.8 என்று சமர்த்தாகக் காட்டும். நாளைக்கு ஹீட்டரின் உடம்பில் பேஸ் பட்டால் அந்த எர்த் வழியாகப் போகக்கூடியது 230-ஐ 200-ஆல் வகுத்த 1.15 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அது விழாது, ஹீட்டரின் உடம்பு மின்சாரத்தோடு அப்படியே நிற்கும். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் அந்த 1.15 ஆம்பியர் அதற்குத் தாராளம், நொடிக்குள் வெட்டிவிடும். தனி எர்த் குழியை நம்பியிருக்கும் வீடுகளில் ஆர்சிசிபியை விட்டுவிடக் கூடாது என்பது இதனால்தான். அதன் டெஸ்ட் பட்டனையும் அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். எர்த்தின் உண்மையான வலுவை அறிய எர்த் டெஸ்டரோ லூப் டெஸ்டரோ உள்ள எலக்ட்ரீஷியன்தான் வேண்டும்.

பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் குண்டு பல்பை எரியவிட்டு "எர்த் நல்லா இருக்கு" என்று சொல்லும் பழைய முறை இன்னும் இருக்கிறது. எர்த் விட்டுப்போன வீட்டில் அந்தப் பல்பின் வழியாக பேஸ் போய், எர்த்தோடு சேர்ந்த அத்தனை சாமான்களின் உடம்பிலும் ஏறும். வீட்டில் ஆட்கள் புழங்கும்போது அதைச் செய்ய விடக் கூடாது.

வீட்டுக்குள் எல்லாம் சரியாக இருந்தும் நியூட்ரல்–எர்த் 6, 8 என்று நிற்கிறதா? மெயினை மட்டும் போட்டு வைத்துக்கொண்டு, டிபி பாக்ஸில் சர்க்யூட்டுகளுக்கான எம்சிபிகளை எல்லாம் இறக்கிவிட்டு அளக்க வேண்டும். ஒற்றை எம்சிபி பேஸை மட்டும்தான் துண்டிக்கிறது, நியூட்ரல் தொடர்பிலேயே இருக்கும். ஆகவே எந்தப் பாயிண்டிலும் அளக்கலாம். வீட்டில் ஒரு ஆம்பியர்கூட ஓடாதபோதும் அதே 6 வோல்ட் நின்றால் அது தெருவிலிருந்து வருகிறது. மூன்று பேஸ்களிலும் வீடுகளைச் சமமாகப் பிரிக்காத தெருவில், மிச்சக் கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பும். மாலையில் எல்லோரும் ஏசி போடும் நேரத்தில் எண் ஏறி, விடியற்காலையில் இறங்கும். எல்இடி விளக்கும் கணினியும் நிறைந்த அலுவலகக் கட்டடங்களில் மூன்று பேஸும் சமமாக இருந்தாலும் நியூட்ரல் பாரம் குறைவதில்லை. அந்தச் சாதனங்கள் எடுக்கும் கரண்டில் 150 ஹெர்ட்ஸ் அலை ஒன்று கலந்திருக்கிறது. அது மூன்று பேஸிலிருந்தும் வந்து, ஒன்றையொன்று கழித்துக்கொள்ளாமல், நியூட்ரலில் கூடிவிடுகிறது. அங்கே நியூட்ரலை பேஸைவிடத் தடிமனாக இழுக்க வேண்டி வரும்.

தெரு நியூட்ரல் தளர்ந்து வருவதன் அடையாளம் வேறு. எண் 6-லிருந்து 20, 40 என்று குதிக்கும். பேஸ்–நியூட்ரலும் நிலையில்லாமல் 190-க்கும் 270-க்கும் அலையும். உங்கள் வீட்டில் விளக்கு பளீரென்று எரியும்போது எதிர் வீட்டில் மங்கும். அது முழுவதும் விட்டுப்போனால் சில வீடுகளில் வோல்டேஜ் 300-ஐத் தாண்டும். டிவி, ஃபிரிட்ஜ், சார்ஜர் எல்லாம் ஒரே நிமிடத்தில் புகையும். இந்த அடையாளம் தெரிந்ததும் இன்னொரு முறை அளந்து பார்க்க நிற்காமல் மெயினை இறக்கிவிட்டு, மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்ல வேண்டும். "கரண்ட் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் பியூஸைப் பார்த்துவிட்டுப் போய்விடக்கூடும். வீட்டு எம்சிபிகளை எல்லாம் இறக்கிய பிறகும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 40 வோல்ட் காட்டுகிறது, எதிர் வீட்டிலும் வோல்டேஜ் அலைகிறது என்று எண்ணோடு சொன்னால், லைன்மேன் நேராகக் கம்பத்தில் ஏறி நியூட்ரல் ஜம்பரைத்தான் முதலில் பார்ப்பார்.